உஷார்! அந்தக் கரோக்கே டிராக்கின் மேல் பாடுவதற்கு முன்

சினிமாப் பாட்டு ஒன்றை உங்கள் குரலில் பாடி யூடியூபில் போட்டிருக்கிறீர்கள். வீடியோ ஏறிவிட்டது, எல்லோருக்கும் தெரிகிறது, பார்வைகளும் கூடுகின்றன. ‘காப்பிரைட் கிளைம்’ என்று ஒரு குறிப்பு மட்டும் வந்திருக்கிறது. "கிளைம்தானே, ஸ்ட்ரைக் இல்லையே, அப்படியென்றால் கம்பெனிக்காரர்கள் அனுமதித்துவிட்டார்கள்" என்று நிம்மதியாக இருக்கிறீர்களா? அந்த நிம்மதிதான் ஆபத்து. கிளைம் என்பது அனுமதி அல்ல. "இது எங்கள் பொருள், இதில் வரும் பணம் எங்களுக்கு, வேண்டும்போது இதை நிறுத்துவோம்" என்று உரிமையாளர் போட்டு வைத்திருக்கும் குறிப்பு அது. அவர் இன்று பணம் எடுத்துக்கொண்டு விட்டுவைக்கலாம், நாளை உலகம் முழுக்க வீடியோவை மறைத்துவிடலாம். சென்னையில் ஓடும் அதே வீடியோ மலேசியாவிலோ துபாயிலோ இலங்கையிலோ மட்டும் ஓடாமல் போகலாம். நாடு வாரியாக முடிவெடுக்கும் வசதி அவர் கையில் இருக்கிறது.

இன்னொரு விஷயம் இதைவிடக் கொடுமை. பாடகர்களுக்கு விதிப்படி கிடைக்கக்கூடிய சிறு வருமானப் பங்கு ஒன்று யூடியூபிலேயே இருக்கிறது. பெரும்பாலானவர்கள் பாட ஆரம்பிப்பதற்கு முன்பே அதைத் தொலைத்துவிடுகிறார்கள். தொலைக்க வைப்பது குரலோ பாட்டோ அல்ல, பின்னால் ஓடும் கரோக்கே டிராக்.

ஒரு சினிமாப் பாட்டுக்குள் குறைந்தது மூன்று தனித்தனிச் சொத்துகள் இருக்கின்றன: பாடல் வரிகள், மெட்டு, ஒலிப்பதிவு. இந்தியக் காப்புரிமைச் சட்டம், 1957, இந்த மூன்றையும் தனித்தனியாகவே பாதுகாக்கிறது. படத்தின் காட்சி நான்காவது.

இது எவ்வளவு தூரம் தனித்தனி என்பதற்கு நம் பாரதியைவிட நல்ல உதாரணம் கிடையாது. பாரதியார் 1921இல் மறைந்தார். அவருடைய எழுத்துகளின் உரிமையை 1949இல் அன்றைய சென்னை மாகாண அரசு வாங்கி, பிறகு மக்களுக்கே விட்டுவிட்டது. அந்த வரிகளை யாரும் பாடலாம், யாரும் மெட்டமைக்கலாம். 1982இல் வந்த ‘ஏழாவது மனிதன்’ படத்தில் அந்த வரிகளுக்கு எல்.வைத்தியநாதன் இசையமைத்தார். அவர் மறைந்தது 2007இல். மெட்டுக்கான காப்புரிமை படைத்தவரின் ஆயுளோடு அதற்குப் பிறகு 60 ஆண்டுகள் நீடிக்கும். ஆக, வரிகள் பொதுச்சொத்தாக இருந்தாலும் அந்த மெட்டு 2067 வரை ஒருவருக்குச் சொந்தம். ஒலிப்பதிவுக்கு வேறு கணக்கு: வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். "பாரதி பாட்டுதானே" என்று அந்தப் படத்துப் பதிவின் மேலோ அந்த மெட்டிலோ பாடிப் போட்டுவிட்டு, கிளைம் வந்ததும் அதிர்ச்சியடைபவர்கள் வரிகளை மட்டும்தான் பார்த்திருக்கிறார்கள். அதே வரிகளுக்கு நீங்களே ஒரு மெட்டுப் போட்டுப் பாடினால் யாரும் கேட்க முடியாது.

இப்போது கரோக்கேவுக்கு வருவோம். நீங்கள் ஒரு பாட்டை கவர் செய்யும்போது வரிகளையும் மெட்டையும் எடுத்துக்கொள்கிறீர்கள். அந்த இரண்டுக்கும் உரிமையாளர் இருக்கிறார். ஒலிப்பதிவு மட்டும் புதியது, அது உங்களுடையது. அதாவது கிடாரை நீங்களோ நண்பரோ வாசித்து, கீபோர்டை நீங்களே புரோகிராம் செய்து, தாளத்தை நீங்களே போட்டிருந்தால் மட்டும். கடையில் வாங்கிய கரோக்கேயோ, யூடியூபிலிருந்து இறக்கிய மைனஸ் ஒன்னோ, குரலை மட்டும் நீக்கித் தரும் மென்பொருளில் ஒரிஜினல் பாட்டைப் போட்டு எடுத்த டிராக்கோ பின்னால் ஓடினால், அந்த மூன்றாவது சொத்தும் அடுத்தவருடையதாகிவிடுகிறது. அதில் உங்களுடையது என்று மிஞ்சுவது உங்கள் குரல் மட்டுமே.

யூடியூபின் விதி இதில் தெளிவாக இருக்கிறது. தகுதியுள்ள கவர் வீடியோவை இசைப் பதிப்புரிமை வைத்திருப்பவர் கிளைம் செய்தால், பார்ட்னர் புரோகிராமில் இருக்கும் பாடகருக்கும் விளம்பர வருமானத்தில் ஒரு பங்கு உண்டு. ஆனால் கவரில் வணிக ஒலிப்பதிவு எதையாவது பயன்படுத்தியிருந்தால், அது வாத்திய இசையானாலும் கரோக்கே ஆனாலும் ஒரு கலைஞரின் கச்சேரிப் பதிவானாலும் சரி, அந்தப் பங்குக்குத் தகுதி கிடையாது. கரோக்கே டிராக்குக்குக் காசு கொடுத்தீர்களா இல்லையா என்பது இங்கே கேள்வியே அல்ல. கடைக்காரர் உங்களுக்குப் பொதுவாக விற்பது வீட்டிலும் மேடையிலும் பாடிக்கொள்ள ஒரு கோப்பு. அதை வீடியோவில் பதிந்து வெளியிட்டுப் பணம் பார்க்கும் உரிமை வேறு. அதை அவர் விற்கவும் இல்லை, பெரும்பாலும் அவரிடம் அது இருப்பதும் இல்லை.

ஒரு கணக்காகவே பார்த்துவிடலாம். திருநெல்வேலியில் ஒரு பாடகி இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய சேனலுக்கு 1,000 சந்தாதாரர்களும், கடந்த 12 மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வையும் சேர்ந்து, பார்ட்னர் புரோகிராமில் நுழைந்துவிட்டார். 2000களில் வந்த ஒரு படப்பாட்டை 300 ரூபாய்க்கு வாங்கிய கரோக்கேவின் மேல் பாடி, தாமிரபரணிக் கரையில் படம் பிடித்து ஏற்றுகிறார். நான்கு நிமிட வீடியோ. அது விளம்பரம் மூலம் மொத்தம் 10,000 ரூபாய் ஈட்டியது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பாட்டு முழுக்க அவருடைய சொந்தப் படைப்பாக இருந்திருந்தால், சாதாரண நீள வீடியோவுக்கு யூடியூப் தரும் 55 சதவீதப்படி 5,500 ரூபாய் அவருக்கு வந்திருக்கும். பின்னணி இசையைத் தானே வாசித்துச் செய்த கவராக இருந்து, பதிப்புரிமையாளரும் வருமானப் பகிர்வுக்கு இடம் கொடுத்திருந்தால், அந்த 5,500க்குள் ஒரு பகுதி வந்திருக்கும். எத்தனை சதவீதம்? யூடியூப் சொல்வது ‘விகிதாசாரப்படி’ என்பது மட்டுமே. ஆகவே "கவருக்கு இத்தனை சதவீதம் நிச்சயம்" என்று யாராவது எண்ணைச் சொன்னால் நம்பாதீர்கள். இந்தப் பாடகி கரோக்கேவின் மேல் பாடியதால் அவருக்குக் கிடைப்பது பூஜ்யம். வீடியோ பத்து மடங்கு பிரபலமானாலும் அதே பூஜ்யம்தான்.

இந்த நிலையை வெளியிடும் முன்பே தெரிந்துகொள்ள முடியும். வீடியோவை ஏற்றும்போது வரும் `Checks` கட்டம் முடியும் வரை பொறுத்திருங்கள். அதுவரை வீடியோவை `Private` ஆகவே வைத்திருங்கள். ஏதாவது அகப்பட்டால் யூடியூப் ஸ்டுடியோவில் அந்த வீடியோவுக்கு எதிரே `Copyright` என்று வரும், அதில் `See details` என்பதைத் திறந்து நிதானமாகப் படியுங்கள். எந்த நிமிடத்திலிருந்து எந்த நிமிடம் வரை, யார் உரிமை கோருகிறார்கள், அவர்கள் கோருவது ஒலிப்பதிவையா, மெட்டையா என்பதைப் பாருங்கள். கோருவது மெட்டை மட்டும் என்றால் நீங்கள் எதிர்பார்த்த கிளைம்தான் அது, பங்கு கிடைக்க வழி இருக்கிறது. ஒலிப்பதிவு என்றால் பின்னணி டிராக் பிடிபட்டுவிட்டது. நம் பாடகியின் விஷயத்தில் இரண்டும் வந்திருக்கும்: கரோக்கே பதிவின் பேரில் ஒன்று, மெட்டின் பேரில் இன்னொன்று.

ஆனால் `Checks` கட்டத்தில் எதுவும் வரவில்லை என்பதற்காகத் தைரியமாக இருந்துவிடாதீர்கள். கன்டென்ட் ஐடி என்கிற அந்தத் தானியங்கி முறை, உரிமையாளர்கள் கொடுத்து வைத்திருக்கும் மாதிரிக் கோப்புகளோடுதான் ஒப்பிட்டுப் பார்க்கிறது. இரண்டு வருடம் கழித்து ஒரு நிறுவனம் தன் பழைய பாட்டுகளை அதில் சேர்த்தால், உங்கள் பழைய வீடியோவுக்கும் அன்று கிளைம் வரும். சுருதியை அரைக்கட்டை ஏற்றுவது, வேகத்தைக் கொஞ்சம் மாற்றுவது போன்ற உத்திகளை வைத்துத் தப்பித்தாலும், ஆளே உட்கார்ந்து பார்த்துக் கையால் கிளைம் போடும் வழியும் உரிமையாளருக்கு உண்டு. குறிப்புப் பகுதியில் "காப்புரிமையை மீறும் நோக்கமில்லை, எல்லாப் புகழும் இசையமைப்பாளருக்கே" என்று எழுதுவது மரியாதைக்கு அழகு, சட்டத்தின் முன் அதற்கு எந்த மதிப்பும் இல்லை. பத்து நொடி வரை பயன்படுத்தலாம் என்ற விதியும் எங்கும் கிடையாது. எங்கிருந்து இது பரவியதோ, பாடகர்கள் இதை நம்பி ஏமாறுவதைப் பார்க்கும்போது மனது பதறுகிறது.

இதற்கும் மேலான ஆபத்து கிளைம் வந்த பிறகு ஆத்திரத்தில் செய்யும் காரியம். "பாடியது நான். என் குரல். இவர்கள் எப்படிச் சொந்தம் கொண்டாடலாம்?" அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தக் கோபத்தோடு `Dispute` பொத்தானை அழுத்தாதீர்கள்.

அழுத்தினால் நடப்பது இது. உங்கள் மறுப்பு யூடியூபுக்குப் போவதில்லை, கிளைம் போட்டவருக்கே போகிறது. பதில் சொல்ல அவருக்கு 30 நாள் அவகாசம். அதுவரை வருமானம் யாருக்கும் போகாமல் தனியாக நிறுத்தி வைக்கப்படும். 30 நாளில் அவர் பேசாமல் இருந்துவிட்டால் கிளைம் தானாக விலகும். அவர் மறுத்துவிட்டால் நீங்கள் மேல்முறையீடு செய்யலாம், இந்த முறை அவருக்கு 7 நாள். அப்போது அவர் மனம் மாறவில்லை என்றால் அடுத்த படி வீடியோவை நீக்கும் சட்டப்படியான கோரிக்கை. அது ஏற்கப்பட்டதும் கிளைமாக இருந்தது ஸ்ட்ரைக்காக மாறிவிடும். 90 நாளுக்குள் மூன்று ஸ்ட்ரைக் வந்தால் சேனலே போய்விடும், அதில் இருக்கும் எல்லா வீடியோக்களோடும். வெறும் கிளைமாக இருந்தால் வீடியோவை நீக்கினாலோ பாட்டுப் பகுதியை வெட்டினாலோ கிளைம் போய்விடும். ஸ்ட்ரைக் அப்படியல்ல, வீடியோவை நீக்கினாலும் அது அப்படியே நிற்கும்.

நம் திருநெல்வேலிப் பாடகி ஒரே வாரத்தில் மூன்று கரோக்கே கவர்களுக்கு மறுப்புப் போட்டு, மூன்றுக்கும் மேல்முறையீடும் செய்தால், பல வருட உழைப்பை ஒன்றரை மாதத்தில் இழக்கும் பாதையில் அவரே காலை வைத்துவிட்டார் என்றுதான் அர்த்தம். மறுப்புக் கடிதத்தில் "நான் பணம் சம்பாதிக்கவில்லை", "இசையமைப்பாளருக்குக் கிரெடிட் கொடுத்திருக்கிறேன்", "சிடி காசு கொடுத்து வாங்கினேன்", "எல்லோரும்தான் பாடுகிறார்கள்" என்று எழுதுவது எதுவும் காரணமாகாது.

மறுப்பு நியாயமான இடமும் இருக்கிறது, அங்கே தயங்க வேண்டாம். பின்னணி முழுவதையும் நீங்களே வாசித்திருக்கிறீர்கள், ஆனால் ஒலிப்பதிவு உரிமை என்று கிளைம் வந்திருக்கிறது. உங்கள் வாசிப்பு ஒரிஜினலுக்கு ரொம்ப நெருக்கமாக இருந்தால் இயந்திரம் குழம்புவது உண்டு. அப்போது உங்கள் கையில் இருக்க வேண்டியது ரெக்கார்டிங் சாஃப்ட்வேரின் புராஜெக்ட் கோப்பு, ஒவ்வொரு வாத்தியத்துக்குமான தனி டிராக், வாசித்தவரோடு எழுதிக்கொண்ட ஒரு வரி ஒப்பந்தம். இவை இருந்தால் கிளைம் வந்து ஐந்து நாளுக்குள் மறுப்பைப் போடுங்கள். அப்படிப் போட்டால் முதல் நாளிலிருந்து வந்த வருமானம் நிறுத்தி வைக்கப்படும். ஐந்து நாள் தாண்டினால் மறுப்புப் போட்ட நாளிலிருந்துதான். இதற்காகவாவது மிக்ஸிங் முடிந்ததும் புராஜெக்ட் கோப்புகளை ஸ்டுடியோக்காரரிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வீடியோ வெளியான பிறகு அவர் அழித்திருப்பார்.

"சட்டத்திலேயே கவர் பாட அனுமதி இருக்கிறதாமே?" என்று கேட்பவர்களும் உண்டு. இருக்கிறது. 2012இல் சட்டத்தைத் திருத்தியபோது சேர்த்த 31C பிரிவு அது. ஆனால் அதைப் பாதி படித்துவிட்டு இறங்காதீர்கள். பாட்டு முதலில் பதிவான ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் கழிந்திருக்க வேண்டும். உரிமையாளருக்கு முன்கூட்டியே அறிவிப்புக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு ஆண்டும் குறைந்தது 50,000 பிரதிகளுக்கான ராயல்டியை முன்பணமாகக் கட்ட வேண்டும். வரிகளையும் மெட்டையும் இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது, இது கவர் என்று வெளிப்படையாகப் போட வேண்டும். அது கேசட், சிடி காலத்து வணிகத்தை மனதில் வைத்து எழுதிய பிரிவு. எல்லாவற்றுக்கும் மேலாக அது ஒலிப்பதிவு பற்றிய பிரிவு மட்டுமே. பாட்டைக் காட்சியோடு சேர்ப்பதற்கு ‘சிங்க்’ உரிமை என்று தனியாக வாங்க வேண்டும், அதை 31C தருவதில்லை. உங்கள் ஆற்றங்கரை வீடியோவுக்கு அந்தப் பிரிவு கேடயமாகாது.

இதே குழப்பம் ஆடியோ விநியோக நிறுவனங்கள் மூலமாகவும் வருகிறது. ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களில் கவர் பாட்டை ஏற்றித் தருகிறோம், கவர் லைசென்ஸும் எடுத்துத் தருகிறோம் என்று ஒரு தொகை வாங்குவார்கள். அந்த லைசென்ஸ் பெரும்பாலும் அமெரிக்கச் சட்டத்தின்கீழ் ஆடியோவுக்கு மட்டும் எடுக்கப்படுவது. அதை வைத்துக்கொண்டு யூடியூப் வீடியோவுக்கு வாதாட முடியாது. கூடவே அந்தப் படிவத்தில் "யூடியூப் கன்டென்ட் ஐடியில் சேர்க்கவா?" என்று ஒரு கட்டம் இருக்கும். கவர் பாட்டுக்கும் கரோக்கேவின் மேல் பாடியதற்கும் அதை ஒருபோதும் டிக் செய்யாதீர்கள். உங்களுக்கு முழு உரிமை இல்லாத ஒன்றை உங்களுடையது என்று பதிவு செய்வதாக ஆகும். அதே கரோக்கேவைப் பயன்படுத்திய மற்ற பாடகர்களின் வீடியோக்களுக்கெல்லாம் உங்கள் பெயரில் கிளைம் போகும், கடைசியில் பழி உங்கள் மேல் விழும்.

விளம்பரதாரர் வந்தால் நிலைமை முற்றிலும் மாறிவிடுகிறது. ஒரு நகைக்கடையோ பட்டுச்சேலைக் கடையோ "எங்கள் சேலையைக் கட்டிக்கொண்டு பாடுங்கள், 20,000 தருகிறோம்" என்று கேட்டால் அது கவர் அல்ல, விளம்பரப் படம். கன்டென்ட் ஐடியின் வருமான ஏற்பாடு இதற்குப் பொருந்தாது. உரிமையாளர் உங்கள் மேலும் கடையின் மேலும் நேரடியாக வழக்குப் போடலாம். எழுத்தில் சிங்க் உரிமை கையில் வராமல் அந்த முன்பணத்தைத் தொடாதீர்கள்.

சரி, அனுமதியை யாரிடம் கேட்பது? புதுப் படமென்றால் பெரும்பாலும் ஆடியோ லேபிள். படத்தின் அதிகாரப்பூர்வமான பாட்டு வீடியோவின் குறிப்புப் பகுதியில் லேபிளின் பெயரும், பல சமயம் பதிப்புரிமைச் சங்கங்களின் பெயர்களும் இருக்கும். பழைய படமென்றால் கவனம் இன்னும் அதிகம் தேவை. 1977இல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம், படத்துக்காகப் பணம் வாங்கிக்கொண்டு போட்ட மெட்டுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் என்று சொன்னது. 2012 திருத்தம் இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் ராயல்டியில் விட்டுக்கொடுக்க முடியாத சம பங்கைத் தந்தது. நடுவே எத்தனையோ லேபிள்கள் கைமாறியிருக்கின்றன. 2017இல் எஸ்.பி.பாலசுப்ரமணியம் அமெரிக்காவில் கச்சேரி செய்துகொண்டிருந்தபோது, தன் பாடல்களை அனுமதியில்லாமல் மேடையில் பாடக்கூடாது என்று இளையராஜா தரப்பிலிருந்து நோட்டீஸ் போனதை நாடே பார்த்தது. 2024இல் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ படத்தில் ‘குணா’ பாட்டு வந்தபோதும் நோட்டீஸ் போனது. உரிமை வைத்திருப்பவர்களிடம் வாங்கித்தான் பயன்படுத்தினோம் என்றது படத் தரப்பு. வழக்கறிஞர்களை வைத்திருக்கும் படக் கம்பெனிக்கே இந்த நிலை என்றால், ஒரு லேபிளிலிருந்து வந்த ஒற்றை மின்னஞ்சலை மட்டும் நம்பி நீங்கள் எவ்வளவு தூரம் போக முடியும்?

ஆகவே கேட்கும் கடிதத்தில் கேள்விகளைத் தெளிவாக வையுங்கள். மெட்டு, வரிகள் இரண்டின் உரிமையும் உங்களிடம் இருக்கிறதா? வீடியோவில் பயன்படுத்தும் சிங்க் உரிமையும் சேர்த்துத் தருகிறீர்களா? எந்தெந்தத் தளங்கள், எந்தெந்த நாடுகள், எத்தனை ஆண்டுகள்? விளம்பர வருமானம் யாருக்கு? கிளைம் வந்தால் எங்கள் சேனலை விலக்குப் பட்டியலில் சேர்ப்பீர்களா? வேறு யாராவது உரிமை கோரினால் பொறுப்பு யாருடையது? பதிலில் கையெழுத்தும் தேதியும் இருக்க வேண்டும். "பாடிக்கோங்க சார், நாங்க பார்த்துக்கிறோம்" என்று வாட்ஸ்அப்பில் வரும் குரல்பதிவு பத்தாது. "கிளைமை நாங்கள் நீக்கித் தருகிறோம், சேனலை எங்கள் நெட்வொர்க்கில் இணையுங்கள், பாஸ்வேர்டைக் கொடுங்கள்" என்று வருபவர்களிடம் பேச்சையே வளர்க்காதீர்கள். கிளைம் போட்டவரைத் தவிர வெளியாள் யாராலும் அதை விலக்க முடியாது.

அனுமதி கிடைக்காமலும் பாடத்தான் போகிறீர்கள் என்பது எனக்குத் தெரியும், யூடியூபில் இருக்கும் கவர்களில் பெரும்பாலானவை அப்படித்தான் வாழ்கின்றன. உரிமையாளர் பொறுத்துக்கொள்ளும் வரை அவை இருக்கும். அந்த நிலையில் இருக்கிறீர்கள் என்று தெரிந்துகொண்டாவது பாடுங்கள். ஒரு கிடாரோ வீணையோ போதும், பின்னணி உங்களுடையதாக இருக்கட்டும். படக் காட்சி ஒரு நொடிகூட வேண்டாம். மெட்டின் பேரில் கிளைம் வந்தால் மறுக்காதீர்கள், அது நியாயமான கிளைம். பங்கு கிடைக்கிறதா என்று மட்டும் ஸ்டுடியோவில் பாருங்கள். இதுவரை ஏற்றிய கரோக்கே கவர்கள் இருந்தால் இன்றே ஒவ்வொன்றின் `See details` பக்கத்தையும் திறந்து பாருங்கள். ஒலிப்பதிவுக் கிளைம் உள்ளவற்றின் பாட்டைப் புதிதாக நீங்களே வாசித்துப் பதிந்து, வேறு வீடியோவாக ஏற்றுங்கள். ஏற்கெனவே மறுப்புப் போட்டு அது நிராகரிக்கப்பட்டிருந்தால், மேல்முறையீட்டுக்குப் போகாமல் அந்த வீடியோவை இப்போதே எடுத்துவிடுங்கள்.